மூன்றின் வர்க்கமூலமும் விடுபட்ட ஒரு வரியும்

ஹட்டனில் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றி யாராவது நல்லவிதமாகச் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கடைக்கு மேல்மாடியில், பிளாஸ்டிக் கதிரைகளை நெருக்கிப் போட்டு நடத்தினார்கள். வந்தவர்கள் எல்லோரும் என்னைப்போலத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள். வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குக் கணிதம் படித்துக்கொண்டிருந்தோம். வகுப்பெடுத்த சேர் கண்டியிலிருந்து கார் ஓட்டி வருவார். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவர் என்று அவரே பெருமையாகச் சொல்வார். அதனால் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் முதலில் இருந்தது.

டயகமவிலிருந்து வரும் அக்கா ஒருவர் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவார். என்னைவிட வயதில் மூத்தவர், சின்ன வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். நுண்கணிதப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை தவறியிருந்தார். பதிவுக் காலம் முடிகிறது, இந்தத் தடவையும் போனால் பட்டமே இல்லை. அதை அவர் அழுது சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சேர் தும்மினால்கூட எழுதிக்கொள்வார்போலக் குனிந்தே இருப்பார்.

அன்றைக்குப் பாடம் ஈருறுப்புத் தொடர். ஒன்று கூட்டல் x என்பதற்கு முழுவெண் சுட்டி இருந்தால் விரிவு ஓர் இடத்தில் நின்றுவிடும். அரை, மூன்றிலொன்று என்று பின்னச் சுட்டி வந்தால் நிற்காது, உறுப்புகள் வந்துகொண்டே இருக்கும். சுட்டி அரை என்றால் அது வர்க்கமூலம். ஒன்று, கூட்டல் x இன் பாதி, கழித்தல் x வர்க்கத்தின் எட்டிலொன்று, கூட்டல் x கனத்தின் பதினாறிலொன்று என்று போகும். இதுவரை சரி. அதற்குக் கீழே சேரின் தமிழ் நோட்ஸில் ஒரு விதி தடித்த எழுத்தில் இருந்தது. மூலம் காணவேண்டிய எண்ணிலிருந்து ஒன்றைக் கழி, வருவதுதான் x.

உதாரணத்துக்கு மூன்றின் வர்க்கமூலத்தை எடுத்தார். மூன்று என்பது ஒன்று கூட்டல் இரண்டு, ஆகவே x இரண்டு. பலகையில் ஒன்று, கூட்டல் ஒன்று, கழித்தல் அரை, கூட்டல் அரை என்று எழுதினார். கூட்டிக்கொண்டு போனால் ஒன்று, இரண்டு, ஒன்றரை, இரண்டு. உண்மையான விடை 1.732. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில்தானே இருக்கிறது, இன்னும் நாலு உறுப்பு போட்டால் அப்படியே போய் உட்கார்ந்துவிடும் என்றார். எல்லோரும் எழுதினார்கள். அக்காவும் எழுதினார்.

எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. எழும்பிக் கேட்டேன். x இன் மட்டு, அதாவது குறியை விட்ட அளவு, ஒன்றைவிடக் குறைவாக இருந்தால்தானே இந்தத் தொடர் ஒருங்கும், ஒருங்கல் ஆரை ஒன்றுதானே, இரண்டைப் போட்டால் எத்தனை உறுப்பு கூட்டினாலும் எங்கேயும் போய்ச் சேராதே என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. சிரித்தார்.

"டீச்சர், நம்ம ஆளுங்களுக்கு இவ்வளவு போதும். பாஸ் பண்ணத்தான் வந்திருக்கோம், புரொபசர் ஆகவா வந்தோம்?"

மாடி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நம்ம ஆளுங்க என்று அவர் யாரைச் சொன்னார்? சிரித்தவர்களைத்தான். கொழுந்துச் சாக்கோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அரைக் கணக்கு போதும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார், அவர்கள் பல்லைக் காட்டுகிறார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

வகுப்பு முடியும்வரை பஸ் நிலையத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டு பொருமினேன். அக்கா வந்தார். வந்ததும் என்னைத்தான் ஏசினார். பரீட்சை நேரத்தில் சேரோடு முறைத்துக்கொண்டால் மாதிரிக் கேள்விகள் யார் கொடுப்பார்கள், உனக்கு வயசிருக்கு, எனக்கு இருக்கா என்று கேட்டார். பஸ் தலவாக்கலையைத் தாண்டும்வரை இருவரும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பிறகு நான்தான் பேசினேன். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், சேர் நிறுத்திய இடத்திலிருந்து நீங்களே போட்டுப் பாருங்கள் என்றேன். முறைத்தார். ஆனால் நோட்ஸைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டு, பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி எழுத ஆரம்பித்தார். அடுத்த உறுப்பு கழித்தல் 0.625, கூட்டுத்தொகை 1.375. அதற்கடுத்தது கூட்டல் 0.875, கூட்டுத்தொகை 2.25. பிறகு கழித்தல் 1.3125, தொகை ஒன்றுக்கும் கீழே 0.9375. பிறகு கூட்டல் 2.0625.

கூட்டிப் பார்த்தார். சரியாக மூன்று வந்தது. மூன்றின் வர்க்கமூலம் மூன்று.

பேனை நின்றது. நான் பக்கத்தில் ஒரு சின்ன வரிசை எழுதிக் காட்டினேன். ஒவ்வோர் உறுப்பும் அதற்கு முந்தியதைப்போல எத்தனை மடங்கு? குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் முதலில் சமம், பிறகு அரை மடங்கு, அடுத்தது மறுபடியும் சமம், பிறகு ஒன்றேகால், பிறகு 1.4, பிறகு ஒன்றரை. போகப் போக அது x ஐ, அதாவது இரண்டை நோக்கிப் போகும். தொடக்கத்தில் சுருங்குவதுபோலக் காட்டிவிட்டுப் பிறகு வீங்குகிறது. x இன் மட்டு ஒன்றுக்குக் கீழே இருந்தால் அந்த மடங்கும் ஒன்றுக்குக் கீழேயே போய் நிற்கும், உறுப்புகள் தேய்ந்துவிடும். ஆரை ஒன்று என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்.

அக்கா கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவையும் இந்தக் கணக்கு வந்துச்சு," என்றார். "ஒரு தடவ மூணு, ஒரு தடவ ஏழு. நாலு தசமதானத்துக்குக் கேட்டான். நான் எட்டு உறுப்பு வரைக்கும் போட்டேன். இப்படித்தான் ஆடுச்சு. எங்கயோ கூட்டல்ல விட்டுட்டேன்னு வெட்டி வெட்டி மறுபடியும் போட்டேன். மத்தக் கேள்விக்கு நேரமே இல்லாமப் போச்சு. என் மண்டதான் மோசம்னு நெனச்சேன்."

அந்த இரண்டு தடவையும் இதே சேரின் இதே நோட்ஸ். சோம்பேறியாக மூன்று உறுப்போடு நிறுத்தியவனுக்கு மற்றக் கேள்விகளுக்காவது நேரம் மிஞ்சியிருக்கும். இவர் பாடுபட்டார். பாடுபடப் பாடுபட விடை தூரப் போனது, அதற்கும் தன்னையே திட்டிக்கொண்டார். அக்கரப்பத்தனையில் நான் இறங்குவதற்குள், மூன்றைப் பதினாறால் பெருக்கினால் நாற்பத்தெட்டு, பக்கத்திலேயே நாற்பத்தொன்பது என்ற முழு வர்க்கம் இருக்கிறது என்று காட்டினேன். ஆகவே ஒன்று கழித்தல் நாற்பத்தொன்பதிலொன்று என்பதன் வர்க்கமூலத்தை ஏழால் பெருக்கி நான்கால் வகுத்தால் விடை. x இப்போது ஐம்பதிலொன்று அளவுக்குச் சின்னது. மூன்றே உறுப்பில் 1.73205 வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நோட்ஸில் தடித்த எழுத்திலிருந்த விதியைத் தாள் கிழியும்படி வெட்டினார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அக்கா எழும்பிப் பலகைக்குப் போனார். சேர் உட்காரச் சொன்னார், நேரம் இல்லை என்றார். அக்கா காதில் வாங்கவில்லை. மார்க்கரை எடுத்து, போன வாரத்து நாலு உறுப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எழுதினார். கூட்டுத்தொகை மூன்று வந்தபோது மாடியில் பேச்சு அடங்கியது. ஒன்பதாவது உறுப்பு கழித்தல் 3.3516. கூட்டுத்தொகை கழித்தல் 0.3516.

"சேர், மூணோட வர்க்கமூலம் சைபருக்குக் கீழ போயிருச்சு," என்றார். "இன்னும் எத்தன உறுப்பு போட்டா போய் உட்காரும்?"

யாரும் சிரிக்கவில்லை. சேர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நான்கூட ஆறியிருப்பேன். அவர் சொன்னது வேறு. அந்த நிபந்தனை அவர் பார்த்து மொழிபெயர்த்த சிங்கள நோட்ஸில் இருக்கிறது, உதாரணங்களும் அதற்கேற்றபடி வேறாக இருக்கின்றன, தமிழில் போடும்போது எங்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று அவர்தான் சுருக்கினாராம். சுகமாக இருக்கட்டும் என்று விதியைச் சுலபமாக்கினாராம். தெரிந்தே வெட்டியிருக்கிறார். எங்கள்மேல் உள்ள அக்கறையில் வெட்டியிருக்கிறார்.

அக்கா பலகையில் மிச்சமிருந்த மூலையில் x க்கு இரண்டு பக்கமும் கோடு போட்டு, ஒன்றைவிடக் குறைவு என்ற குறியையும் ஒன்றையும் எழுதினார். கையகலம்கூட இல்லை.

"இதுலயாங்க சேர் எங்களுக்குக் கொழப்பம்?" என்று கேட்டுவிட்டு மார்க்கரை மேசையில் வைத்தார்.

நாங்கள் இருவரும் அதோடு அந்த வகுப்பை விட்டோம். மற்றவர்கள் பெரும்பாலும் விடவில்லை. மாதிரிக் கேள்வி தருகிறாரே என்றார்கள். அதற்கும் எனக்குக் கோபம்தான். மீதி நாள்களில் அக்கா என் வீட்டுக்கு வருவார், அல்லது நான் டயகமவுக்குப் போவேன். எனக்கு ஆகாத வகையீட்டுச் சமன்பாடுகளை அவர் பார்த்துக்கொண்டார்.

பரீட்சையில் ஒன்பதின் கனமூலம் வந்தது. பழைய விதிப்படி x எட்டு. அக்கா ஒன்பதை எட்டின் ஒன்று கூட்டல் எட்டிலொன்று மடங்காகப் பிரித்து, இரண்டை வெளியே எடுத்து, x எட்டிலொன்று, நிபந்தனைக்குள் இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதினாராம். 2.0801 என்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் நேரம் தாராளமாக இருந்ததாம்.

முடிவு வந்த அன்று அக்கா அழைத்தார். தேறிவிட்டார். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார். வீட்டில் எல்லோரும் என்ன சொன்னார்கள், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு அந்த விடுபட்ட வரியைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அப்படின்னா நான் மொதல் தடவையே பாஸ் பண்ணியிருப்பேன்ல?" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரியும்.