ஓபன் என்றால் ஆஃப்

பொறியியல் முதலாண்டின் ஆறாவது வாரத்தில், ஆய்வுக்கூடத்தில் நான் ஒரு மீட்டரைக் கெடுத்தேன்.

நான் கிள்ளானில் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். மின்சுற்று என்றால் தெரியும், மலாயில் லித்தார் என்றாலும் தெரியும். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். விரிவுரையாளர் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பார். நான் அதை மலாயாக்கி, பிறகு தமிழாக்கிப் பிடிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியங்கள் போயிருக்கும்.

அன்று ஆய்வுக்கூடத்தில் என் ஜோடி, வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன். மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்தோம். ஒரு மின்தடையை மாற்றுவதற்காக அவன் குனிந்தான்.

"சுவிட்ச் ஓபன்ல இருக்கட்டும். நான் ரெசிஸ்டர மாத்துறேன்."

சுவிட்ச் அணைந்திருந்தது. எங்கள் வீட்டில் லைட்டை ஓபன் பண்ணு என்றால் போடு என்று அர்த்தம். க்ளோஸ் பண்ணு என்றால் அணை. ஆகவே நான் போட்டேன். அந்த நேரம் பார்த்து, மின்தடையைப் பிடுங்கிய இடத்தில் வயரின் முனை நழுவி மீட்டரின் கம்பியைத் தொட்டது. இடையில் தடை எதுவும் இல்லை. மீட்டர் நேராக மின்வழங்கியின் இரு முனைகளுக்கும் நடுவே சிக்கியது. உள்ளே ஃபியூஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு எதை அளந்தாலும் பூஜ்யம்தான் காட்டியது.

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர், ஒரு மலாய்க்கார அம்மா, வந்து என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். மூன்று மொழிச் சொற்களும் ஒன்றோடொன்று கலந்து வந்தன. ஜோடிதான் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். "நான் ஓபன்னு சொன்னேன், அவ ஆன் பண்ணிட்டா." அவன் சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. நடந்ததை ஒரு பக்கம் எழுதி அடுத்த வகுப்பில் தரும்படி சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். கடைசியில் நோட்டை எடுத்து, தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். அவள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அடுத்த சேர்க்கையில் இதே படிப்புக்கு விண்ணப்பிக்க நினைத்திருந்தாள். குரல் பதிவு அனுப்பினால் அழுதுவிடுவேன் என்று பயம். படமும் வரைய வேண்டியிருந்தது.

முதல் பக்கம் முழுக்கப் புலம்பல். வராதே என்றுகூட எழுதி, அடித்துவிட்டேன். பிறகு ஓபன் என்றால் ஏன் அணைப்பது என்று அவளுக்கு விளக்க முயன்றேன். வட்டம் போட்டேன், ஓரிடத்தில் அழித்தேன்.

"இந்த இடைவெளிதான் ஓபன்," என்று எழுதினேன். "கதவைத் திறந்தால் ஆள் போகலாம். சுற்றைத் திறந்தால் மின்சாரத்துக்கு வழி அறுந்துபோகும். வட்டம் மூடினால்தான் ஓடும். சுவிட்சை க்ளோஸ் பண்ணு என்றால் போடு என்று அர்த்தம். ஷார்ட் என்பது குட்டையான வயர் இல்லை. தடையைத் தாண்டிப் போகிற குறுக்கு வழி. அதில் மின்னோட்டம் அளவுக்கு மீறிப் பாயும். நான் செய்தது அதுதான்."

எழுதிய பிறகுதான் எனக்கே புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அவளைச் சந்தித்தபோது கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தி, இடக்கையால் பிடித்துப் படித்தாள். அடித்த வரியையும் படித்திருப்பாள் என்று எனக்குப் படபடப்பு.

"ஏய், எங்க லைன்ல டெஸ்ட் மெஷின் ரிஜெக்ட் பண்ற போர்டுல நான்தான் ஸ்டிக்கர் ஒட்டறேன்," என்றாள். "ஒண்ணுல ஓபன்னு இருக்கும், ஒண்ணுல ஷார்ட்னு இருக்கும். எட்டு மாசமா ஒட்டறேன் லா. ஓபன்னா மூடி கழண்டு போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"யார்கிட்டயும் கேக்கலயா?"

"நீ கேட்டியா?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"நான் அப்ளை பண்ணத்தான் போறேன்," என்றாள் அவள். "நீ பயந்தா பயந்துக்கோ."

அடுத்த வகுப்புக்குப் போகுமுன் அந்த ஒரு பக்கத்தை நான்கு தடவை எழுதினேன். சுவிட்ச் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் நான் மூடினேன், மீட்டர் வழியே ஷார்ட் ஏற்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். பொறுப்பாளர் படித்தார். இலக்கணப் பிழை ஒன்றை வட்டமிட்டார். பிறகு அலமாரியிலிருந்து புது ஃபியூஸ் ஒன்றை எடுத்து, மீட்டரோடு என் முன்னால் வைத்தார். நானே திருகைக் கழற்றி மாற்றினேன். மீட்டர் வேலை செய்தது.

அன்றைய பாடத்தில் மட்டும் பதினோரு புதுச் சொற்கள். ஏழு பிடிபட்டன. மீதி நான்கையும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, இடைவேளை முடிவதற்குள் விரிவுரையாளரின் அறையைத் தேடிப் போனேன்.