எனக்கு நகர்த்தத் தெரியாத ரோபோ

கண்ணுங்களா, நாளைக்கு நீங்களும் வேலைக்கு எழுதிப் போடுவீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பழைய கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்து நான் வீட்டில் இருந்த சமயம் அது. ஓசூரில் ஒரு கம்பெனி வெல்டிங் ரோபோ பிரிவுக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, மூக்கண்டப்பள்ளியில் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டிடம் போனேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் வைத்து, கிளாம்ப் பூட்டி, ரோபோவைச் சுற்றியுள்ள வேலிக்கு வெளியே வந்து ஸ்டார்ட் அமுக்குவேன். வெல்டிங் சரியில்லாததை ஒதுக்குவேன். புரோகிராம் போடுவது வேறு ஆள். ஷிப்ட் முடிவில் நடந்ததை போனில் தமிழில் பேசினால் ஏஐ இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதித் தரும். எண்களைச் சரிபார்த்து அனுப்புவேன். அவ்வளவுதான்.

அந்த ஏஜென்ட் பையன் கம்பெனி விளம்பரத்தையும் நான் சொன்னதையும் ஏஐயில் போட்டு, இதற்குப் பொருந்துகிற மாதிரி ரெஸ்யூம் எழுது என்றான். எனக்குக் காட்டும் முன்பே அனுப்பியும் விட்டான். படித்தால், ரோபோ புரோகிராமிங்கில் தேர்ச்சியாம். ஏஐ ஆட்டோமேஷன் நிபுணராம். மாற்றி அனுப்பச் சொன்னேன்.

"எல்லாரும் இப்படித்தாண்ணா போடறாங்க. உள்ள போயிட்டா கத்துக்கலாம்," என்றான். மாற்றவில்லை.

நேர்முகத்துக்கு அழைத்தவர்கள் நேராக ரோபோ ஓடும் ஷாப்புக்கே கூட்டிப் போனார்கள். மேனேஜர், ரோபோவைப் பட்டன் அமுக்கி நகர்த்திப் பாதை சொல்லிக்கொடுக்கும் பெட்டியை என்னிடம் நீட்டினார். வெல்டிங் கொஞ்சம் விலகுகிறது, வேலிக்கு உள்ளே போய் பாயிண்டைத் திருத்துங்கள் என்றார்.

நான் வாங்கவில்லை. "சார், இது எனக்குத் தெரியாதுங்க. லோடு பண்ணி ஓட்டத்தான் தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க எழுதுனீங்க?"

நான் எழுதவில்லை என்றேன். உங்கள் பெயரில்தானே வந்திருக்கிறது என்றார். பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் எரிகிறது.

"ஆபரேட்டர்னு மட்டும் போட்டிருந்தா போன வாரமே கூப்பிட்டிருப்பேன். அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சு."

கேட்டுக்கு வெளியே வந்து ஏஜென்டுக்கு போன் போட்டேன். தெரியும் என்றே சொல்லியிருக்கலாமே என்று எனக்கே புத்தி சொன்னான்.

"தெரியாம உள்ள போயி அந்த ரோபோ என்னை அடிச்சிருந்தா, ஆஸ்பத்திரியில எனக்குப் பதிலா நீ படுத்திருப்பியா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

ஏஐ மேல் எனக்குக் கோபமில்லை. பொருந்துகிற மாதிரி எழுது என்றார்கள், எழுதியது. என் கை என்ன செய்யும் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொண்டே அனுப்பியவன்தான் குற்றவாளி.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, தனியாக உட்கார்ந்து, புது ரெஸ்யூமுக்காக எனக்குத் தெரிந்ததை போனில் ஏஐயிடம் திரும்பச் சொன்னேன். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே என்றும் சொன்னேன். அப்படியும் ஓரிடத்தில் 'விரிவான அனுபவம்' என்று வந்தது. 'விரிவான' என்பதை அழித்துவிட்டுச் சேமித்தேன்.