ரங்கூனுக்குப் போனவர்கள்

பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் சாரம்மாள், சிறுவர் வாசகம் ஒன்று எழுதியிருந்தாள். அச்சுக்கூடத்துச் சாலமோன், 'பறவைகள் பறக்கும்', 'நாய்கள் குரைக்கும்' என்பவற்றின் முன்னால் 'எல்லா' என்று சேர்த்து அச்சுப்படியைக் கொண்டுவந்தார்.

"எடுத்துருங்க அண்ணாச்சி. எல்லாப் பறவையும்னா தீக்கோழி ஒண்ணே பொய்யாக்கிப்போடும். சும்மா பறவை பறக்கும்னா அதோட சுபாவத்தைச் சொல்லுதோம். பறக்காதது நாலு கெடந்தாலும் அது நெசந்தான்."

"சரிதான். எங்க வீட்டு நாய் திருடனுக்கு வாலாட்டுது. அதுக்காக நாய் குரைக்காதுன்னா சொல்லுவோம்?" சாலமோன் சிரித்துக்கொண்டே 'எல்லா'வை அடித்தார்.

கிளம்பும்போது பைய கேட்டார். "வேதமுத்துகிட்டருந்து தகவல் உண்டா?"

வேதமுத்து அவள் புருஷன். ரங்கூன் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனவனிடமிருந்து இரண்டு வருஷமாகச் சேதியில்லை. இரவுச் சோற்றுக்கு அவன் பங்கையும் சேர்த்து உலை வைக்கும் கை இன்னும் மாறவில்லை. அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"கலங்காதீங்க டீச்சரம்மா. ரங்கூனுக்குப் போனவங்க திரும்பி வருவாங்க."

ஊரே அப்படித்தான் சொல்லியது. அது பொய்யுமில்லை; வராமல் போன சிலரால் அது பொய்யாகிவிடவுமில்லை.

"அதுல மட்டும் எல்லாரும்னு சேத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

 சாலமோன் பொய் சொல்லிப் பழகாத மனுஷர். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.