ரிட்டர்ன் கிஃப்டில் ஓர் ஊசி

பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். ஊசி ஒடிவதைப் பற்றிப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பது என் பொறுப்பு. தையல் மெஷினில் ஊசி ஒடிந்தால் அந்த நொடியே மெஷினை நிறுத்த வேண்டும். ஒடிந்த பாகங்களை எல்லாம் தேடி எடுத்து, ஒரு தாளில் வரிசையாக வைத்து டேப் ஒட்டி, முழு ஊசியாகச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால்தான் புது ஊசி. சேராவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் அத்தனை துணியும் தனியே ஒதுக்கப்பட்டுச் சோதனைக்குப் போகும். இதையெல்லாம் கண்ணை உருட்டிக்கொண்டுதான் சொல்வேன். சிரிக்காத முகம் என்று எனக்குப் பின்னால் பேசுவார்கள். வீட்டில் அது தெரியாது.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஏதாவது ஒன்றோடு வருவாள். அன்று மாலைக்குள் மூச்சை விட்டுவிடும் விசில், எதையும் அழிக்காத பீட்சா வடிவ ரப்பர், மூடி திறக்காத பெட்டி, திறந்தால் மூடாத பெட்டி. எங்கள் மேஜையின் இழுப்பறை இவற்றால் நிறைந்து இழுக்க வராமல் போயிற்று. அவளுடைய பிறந்தநாள் நெருங்கியபோது, நாம் உருப்படியாக ஒன்று கொடுப்போம் என்று வீட்டில் அறிவித்தேன்.

"என்னங்க குடுக்கப் போறீங்க? புத்தகமா? போன தடவை நீங்க குடுத்த திருக்குறள வெச்சு ஒரு பையன் கொசு அடிச்சானாமா" என்றாள் மனைவி.

சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் சட்டையிலேயே கை துடைக்கிறார்கள் என்று வகுப்பு டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் குறைபட்டிருந்தார். ஆகவே சாப்பாட்டுப் பைக்கு ஒரு கைத்துண்டு. இன்டர்லாக் என்கிற தடித்த பின்னல் பருத்தித் துணி, இரண்டு மடிப்பு, ஒன்றரைச் சாண் சதுரம், பையில் மாட்ட மூலையில் காது என்று நாங்கள் சொல்லும் ஒரு துணி வளையம். முதல் அலசலில் சுருங்காமலும் சாயம் போகாமலும் இருக்கத் துணியை முன்னதாகவே அலசிக் காயப்போட்டேன். நிறம் மகளின் தேர்வு, எலுமிச்சை மஞ்சள். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பூனைக்குட்டி மாதிரி இருக்கு" என்றாள். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல பாராட்டு எந்த வெளிநாட்டுக்காரனும் தந்ததில்லை.

சொந்த வேலையைக் கம்பெனி லைனில் தைக்கக் கூடாது என்பது விதி. அதை எழுதி ஒட்டியவன் நான். அதனால் எங்களிடம் முன்பு வேலை பார்த்த, இப்போது நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டுத் தைக்கிற ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், கை சுத்தம். முப்பது துண்டுகளும் வியாழக்கிழமை வந்தன. காகிதத்தில் சுற்றி நூல் கட்டினோம். வெள்ளிக்கிழமை மகள் கொடுத்தாள்.

அன்று மாலையே பெற்றோர் வாட்ஸாப் குழுவில் வாழ்த்துகள் வந்துவிட்டன. மகளுடைய நெருங்கிய சிநேகிதனின் அம்மா ஒரு படம் போட்டிருந்தார். பையன் அந்தத் துண்டைக் கன்னத்தின் கீழ் வைத்துத் தூங்குகிறான். 'கையை விட்டு எடுக்க மாட்டேங்கறான். நாளைக்கு உடுமலைக்கும் இதேதான் வருது.' அதை நான் நான்கு முறை பார்த்தேன். ஐந்தாவது முறை மனைவி பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பிறந்தநாள் கேக்கில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு தைத்த அம்மாவைப் பார்க்கப் போனேன்.

"புள்ளைகளுக்குப் புடிச்சுச்சாண்ணே?"

"ரொம்பங்க."

"எனக்குத்தான் கடைசில நேரமாயிருச்சு. காது வைக்கிற எடத்துல நாலு மடிப்பு சேருதுல்ல, ஊசி ஒடிஞ்சு போச்சு. வேற மாத்தி, பக்கத்துல காது மடிச்சுக் குவிச்சு வெச்சிருந்த மிச்சத்தையும் தச்சேன்."

நான் கேக் பெட்டியைக் கீழே வைத்தேன். "ஒடிஞ்சது எங்கங்க?"

அவர் தீப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். மெஷினில் மாட்டுகிற தடித்த மேல்பாகம் மட்டும் உள்ளே கிடந்தது.

"மிச்சம்?"

"கீழ விழுந்திருக்கும்னு கூட்டிப் பாத்தேன். கெடைக்கல. எங்கயாச்சும் தெறிச்சிருக்கும்னு..." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "அண்ணே, நீங்கதான் கிளாஸ் எடுத்தீக. அங்கன்னா நிறுத்திருப்பேன். வீடுதானேன்னு இருந்துட்டேன்."

நானும் வீடுதானே என்றுதான் இருந்தேன். சோதனைக் கருவி உள்ள கம்பெனியிலேயே பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறவன், முப்பது துண்டுகளையும் அதில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவில்லை.

தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன். இரண்டு மடிப்புக்கு நடுவே ஓர் இரும்பு நுனி. வாய் துடைக்கிற துணி. முகம் துடைக்கிற துணி. கண்ணில் தூசி விழுந்தால் முதலில் கசக்குகிற துணி. அங்கேயே நின்று குழுவில் செய்தி போட்டேன். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத கோழைத்தனத்துடன் இப்படி எழுதினேன்: 'சாயத்தில் சிறு குறை. தயவுசெய்து துண்டுகளைத் திருப்பித் தரவும்.'

பதில்கள் உடனே வந்தன. 'சாயம் போகலைங்க, துவைச்சுப் பாத்துட்டோம்.' 'சூப்பரா இருக்கு, நீங்க கவலப்படாதீங்க.' 'பாப்பா குடுக்க மாட்டேங்கறா, விடுங்கண்ணா.' பிளாஸ்டிக் விசிலாக இருந்திருந்தால் இந்நேரம் முப்பதும் குப்பையில் பத்திரமாக இருந்திருக்கும். நல்லதாகக் கொடுத்துத் தொலைத்தேன்.

மனைவிக்கு ஃபோன் செய்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"நெசத்தைப் போடுங்க. இப்பவே."

போட்டேன். 'துண்டுக்குள் ஒடிந்த ஊசி இருக்கலாம். யாரும் தொட வேண்டாம். தவறு என்னுடையது. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.' அதற்குப் பிறகு வந்தவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. எல்லாம் நியாயமானவை.

நான் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாக வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் துண்டைக் கரண்டியால் பிடித்து நீட்டினார்கள். மதியத்துக்குள் எங்கள் மகளுடையதையும் சேர்த்து இருபத்தொன்பது வந்துவிட்டன. மீதி ஒன்று உடுமலையில். அந்தப் பையனுடைய அம்மாவின் ஃபோனை மனைவி காலையிலிருந்து பத்துத் தடவை அழைத்துவிட்டாள். சுவிட்ச் ஆஃப்.

கம்பெனியில் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்னைக் கேள்வி கேட்கவில்லை. சிறிய இரும்புக் குண்டு பதித்த அட்டையை முதலில் ஓட்டி, இரும்பைக் கண்டதும் மெஷின் கத்தி நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெல்ட்டில் வைத்தார். ஏழாவதில் மெஷின் கத்தியது. யாரோ ஒரு தாய், சட்டையில் மாட்ட ஊக்கு குத்தியிருந்தார். ஊக்கைக் கழற்றி மறுபடி ஓட்டியதும் பேசாமல் போயிற்று.

பத்தொன்பதாவதில் மறுபடி கத்தியது. இதில் ஊக்கு இல்லை. காகிதச் சுற்று பிரிக்கப்படவே இல்லை. காதுத் தையலைப் பிரித்தபோது கறுத்த கம்பி ஒன்று விழுந்தது.

"கெடச்சிருச்சுங்க சார்" என்றார் அந்தப் பெண். எனக்கு அழுகை வந்தது. தீப்பெட்டியிலிருந்த மேல்பாகத்தைத் தாளில் வைத்து, அதன் கீழே கம்பியைச் சேர்த்து, பக்கத்தில் ஒரு புது ஊசியை வைத்தோம். ஓர் அரிசி நீளம் குறைந்தது. நூல் கோக்கிற கண்ணும் நுனியும் இல்லை.

மிச்சம் பத்தும் சத்தமில்லாமல் போயின.

"கீழயே விழுந்திருக்குமுங்க சார்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். இந்த வாக்கியத்தை வகுப்பில் யாராவது சொன்னால் நான் என்ன செய்வேன் என்பது அவருக்கும் தெரியும்.

கையில் பிடித்துச் சோதிக்கும் சிறிய கருவியை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு காரை எடுத்தேன். பல்லடம் தாண்டும்வரை ஃபோனை அழுத்திக்கொண்டே போனேன். அதன் பிறகு நிறுத்திவிட்டேன். யாராவது எடுத்து, மருத்துவமனையில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் படம் வேறு கண்ணை விட்டு அகலவில்லை. எந்தக் கன்னம், காது தைத்த மூலை எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. முந்திச் செல்கிற ஒவ்வொரு வண்டியும் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாகத் தோன்றியது.

அவன் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் தென்னந்தோப்பு வீட்டை மனைவி விசாரித்து, போகும் வழியை ஃபோனில் அனுப்பியிருந்தாள். நான் இறங்கியபோது பையன் வாசலில் சட்டையில்லாமல் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். துண்டு தோளில் கிடந்தது. வாயைத் துடைக்க அதைத் தூக்கினான்.

"கண்ணு, தொடைக்காதே!"

நான் கத்திய கத்தலில் இளநீர் கீழே விழுந்தது. அவன் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"என்னங்கண்ணா? பாப்பாவுக்கு ஏதாச்சுங்களா? ஃபோன் சார்ஜரை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேனுங்க."

சொன்னேன். அவர் அவன் தோளிலிருந்து துண்டை விரல் நுனியால் எடுத்துக் கட்டிலில் போட்டார். காரிலேயே வைத்துச் சோதித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று வந்து சொல்ல முடியாதா என்று ஒரு கணம் நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். கருவியைத் துண்டின் மேல் மெல்ல நகர்த்தினேன். மூன்று மூலைகள் சும்மா இருந்தன. நான்காவதில், காதின் அடியில், அது கத்தியது.

தையலைப் பிரித்தேன். கண்ணோடு நுனி. நான்கு மடிப்புக்குள் படுத்துக் கிடந்தது, பாதி வெளியே வரத் தொடங்கியிருந்தது. தாளில் மற்ற இரண்டு பாகங்களின் கீழே வைத்து டேப் ஒட்டினேன். ஊசி முழுசாயிற்று. வகுப்பில் இந்த இடத்தில் நான் "சரி, புது ஊசி வாங்கிக்கலாம்" என்பேன்.

அந்த அம்மா தாளைப் பார்க்கவில்லை. பையனை வெளிச்சத்துக்கு இழுத்து, மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினார். இடது கன்னம், வலது கன்னம். இமைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். அவன் நெளிந்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

"எங்கயாச்சும் குத்துச்சா சாமி?"

"இல்லம்மா. துண்டு குடு."

"குடுக்க முடியாது."

"அது என்னுது!"

அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இடது கன்னம்.