மூன்று மணி மேட்ச்

அண்ணன் ஆனி மாதம் போய்விட்டார். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிய மனிதருக்கு இங்கிலாந்து கால்பந்து மேல் அப்படியொரு பைத்தியம். ஒவ்வொரு சீசனும் தொடங்கும் முன் தனக்குப் பிடித்த அணியின் மேட்ச்களையெல்லாம் போன் கேலண்டரில் ஏற்றிவிடுவார். ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் மணி அடிக்கும். அடித்ததும் தறியை ஆளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். அதற்குள் அண்ணி காபி கலந்து வைத்திருப்பார்.

ஆடியில் அண்ணி போத்தனூரில் இருக்கும் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, புது சீசன் வருதாமுங்க. அவரு போன்ல எல்லாத்தையும் போட்டுத் தாங்க. நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கறேன்."

"பாக்கறதுக்கு ஆரு இருக்காங்க அண்ணி?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன். என் வாயில் மண்ணைத்தான் போடவேண்டும்.

"மணி அடிச்சாப் போதுமுங்க."

லண்டனில் படிக்கும் அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் தன் போனில் அட்டவணையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள். அதில் இருந்தது லண்டன் நேரம். அங்கே மூன்று என்றால் நமக்கு இரவு ஏழரை. நாலரை மணி நேரம் கூட்டவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் போனில் தேதி, எதிரணி, நேரம் என்று மே மாதம் வரை ஒவ்வொன்றாக ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் அதே நாலரைதான். அந்த நாற்காலியில் உட்காரவே எனக்கு உடம்பு கூசியது. பின்னால் நின்று யாரோ பார்ப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பயந்தாங்கொள்ளி நான்.

மூன்று மாதம் ஒழுங்காக அடித்தது. அண்ணி காபி கலந்து, டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாராம். இரண்டு டம்ளர்.

நவம்பர் முதல் சனிக்கிழமை எட்டு மணிக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க தம்பி, ஏழு மணிக்கே அடிச்சுப்போட்டுது. டிவில இன்னும் ஆட்டத்தையே காணோமுங்க. காபி ஆறிப்போச்சு."

ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் மூன்று மணிதான். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். இனி மார்ச் கடைசிவரை நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஐந்தரை. ஆட்டம் எட்டரைக்கு.

"என்ர தப்புதானுங்க அண்ணி. நாளைக்கே வந்து மாத்திப்போடறேன்."

அண்ணி டிவியை அணைத்தது போனில் கேட்டது.

"அவரு ஒரு வருசங்கூட இப்படித் தப்பாப் போட்டதில்லீங்க. இத்தன நாளும் அவருதான் அடிக்கறாருன்னு இருந்துட்டேன் தம்பி. இன்னைக்குத்தானுங்க போயிட்டாரு."