எங்கள் சொல் ஒன்றும் இல்லாத கட்டுரை

அறுபதுகளின் தொடக்கத்தில் மூன்று வருஷம் எனக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருக்கவில்லை. வெள்ளி வரை தலவாக்கலையில் பள்ளிக்கூடம். சனி காலை ரயிலேறி ஹட்டனுக்குப் போவேன். தோட்டப் பள்ளிக்கூடங்களில் பயிற்சி பெறாமலே படிப்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர்களுக்கு அங்கே ஒரு வகுப்பு நடந்தது. கடைசியில் தேறினால் ஒரு சான்றிதழ் கிடைக்கும், வேலை நிலைக்கும். நாற்பது பேர் வரை வருவார்கள். பலர் விடியுமுன் நடக்கத் தொடங்கி, மழையில் நனைந்து, சேற்றுக் காலோடு வந்து உட்காருவார்கள். மதியத்துக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். நானும் நின்றுகொண்டு தூங்காத குறைதான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் மண்டபத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வகுப்பறைகளைப் பூட்டிவிடுவார்கள். கரும்பலகை வகுப்பறைக்குள் இருக்கும். அதனால் எல்லாம் வாய்ப்பாடம். பாடப் புத்தகமும் ஒன்றே ஒன்று, அதுவும் இங்கிலீஷ். நான் அதை வீட்டில் இருந்து தமிழாக்கிக்கொண்டு போய் மெதுவாக வாசிப்பேன், அவர்கள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். ஆயத்தநிலை, ஊக்கல், மீட்டல் என்று சில சொற்கள். பிள்ளை வாசிக்கத் தயாராகும் பருவம், அதற்கு ஆசை ஊட்டுவது, படித்ததைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவருவது. இவ்வளவுதான். ஆனால் சொல் புதிது என்பதால் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுக்கு நெருங்கிய வயது, ஆஸ்துமா. நல்ல மனிதர். ஆனால் முதல் வருஷம் நடந்த ஒரு காரியம் அவரை மிகவும் நோகடித்திருந்தது. டவுனில் மனு எழுதிக் கொடுக்கிற ஒரு ஆள், எங்கள் வகுப்பு ஆசிரியர்கள் ஐந்து பேருக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அழகான கட்டுரைகள். திருக்குறள் எல்லாம் இருந்தது. எங்கள் வகுப்பில் சொன்ன ஒரு சொல், வாசித்த ஒரு வரி இல்லை. அதை வைத்துத்தான் பொறுப்பாளர் பிடித்தார். ஐவரையும் கூப்பிட்டுக் கேட்டபோது ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கட்டுரைக் கட்டு வந்தால் அவர் முதலில் தேடுவது எங்கள் சொற்களைத்தான்.

இரண்டாம் வருஷம், தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாசிப்புக் கற்பித்தல் என்று தலைப்புக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து திருத்தினேன். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. என் வாயிலிருந்து போனதெல்லாம் நாற்பது கையெழுத்தில் எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. முப்பதாவதோ என்னவோ ஒரு கட்டுரையில் பேனா நின்றது.

அதில் ஊக்கல் இல்லை. ஆயத்தநிலை இல்லை. புத்தகத்தின் வாசனையே இல்லை. ஆனால் இப்படி ஒரு இடம் இருந்தது: பாடத்தைப் பாட்டாகச் சொல்லும் பிள்ளையின் கண் எழுத்தில் இருக்காது, வெளியே இருக்கும்; அதைச் சத்தத்தால் கண்டுபிடிக்க முடியாது, முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னோரிடத்தில், ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரி மூடும், அதனால் சிறு பிள்ளைக்குச் சொல்லும்போது மூக்கின் மேல் அதன் விரலை வைக்கச் சொல்வேன், ‘ம’வுக்கு மட்டும் மூக்கு அதிரும் என்று இருந்தது. இருபது வருஷம் படிப்பித்த எனக்கு அது தெரியாது.

எழுதியவர் ஆக்ரபத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருபவர். நாற்பது வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு கவனமாகக் கேட்கிற மனிதர் கேட்டதில் ஒன்றைக்கூட எழுதவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

பொறுப்பாளரிடம் கொடுத்தேன். நின்ற நிலையிலேயே வாசித்தார்.

“இது ஆரோ எழுதிக் குடுத்தது,” என்றார். “எங்கட சொல் ஒண்டும் இதில இல்லை. பாரும்.”

“கட்டுரை நல்லா இருக்குங்க, சார்.”

“போன வருஷமும் நல்லாத்தான் இருந்தது.”

“கூப்பிட்டுக் கேட்டுப் பாப்பம்.”

“கேக்கத்தான் வேணும். கேக்காமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்.”

அடுத்த சனி வகுப்பு முடிந்ததும் அவரை நிறுத்தினோம். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கட்டுரையை மேசையில் வைத்தேன். அதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“இதை எழுதினது ஆர், மாஸ்டர்?” என்றார் பொறுப்பாளர்.

“மூணு நாளாச்சுங்க, சார்,” என்றார் அவர்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் கேட்டேன்: “வகுப்புல வாசிச்ச புத்தகத்துல இதப் பத்தி என்ன சொல்லியிருந்துச்சு? ஞாபகம் இருக்கா?”

“அம்பத்திரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, சார். ஒரே ரூம்புதான்.”

“ஊக்கல்ன்னா என்னாங்க?”

அவர் சற்று யோசித்து, “ஆமாங்க,” என்றார்.

“காணும், இனிக் கேக்கத் தேவையில்லை,” என்றார் பொறுப்பாளர். அவருக்கு மூச்சு வாங்கியது. இந்தக் கட்டுரையை ஏற்க முடியாது என்றும், இனி வகுப்புக்கு வரவேண்டாம் என்றும், கடிதம் வீட்டுக்கு வரும் என்றும் சொன்னார். அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு மழையில் இறங்கிப் போனார்.

“துணிச்சல்,” என்றார் பொறுப்பாளர். எனக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. விளங்கப்படுத்திக்கொள்ளும் தெம்பும் அன்றைக்கு இல்லை. ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கடிதம் போனது. இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு நான் வீடு திரும்பியபோது வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். அவரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் வந்திருந்தார். கொழுந்துக்கறை படிந்த விரல்களில் எங்கள் கடிதம் மடிந்து நனைந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன். அவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மாள் உட்காரவில்லை.

“சார், இவரு யாருகிட்டயும் எழுதி வாங்கலைங்க,” என்றார். “மூணு நாளா விளக்கு வச்சு எழுதினாருங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்ப வகுப்புல படிச்சது ஒண்ணும் அதுல இல்லையே, தங்கச்சி. கேட்டதுக்கும் பதில் சொல்லல.”

அந்த அம்மாள் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தவே தேவையில்லை, கேட்கக்கூடாதவர் யாரும் அங்கே இல்லை, பழக்கம்.

“இவருக்குக் காது கேக்காதுங்க, சார். காய்ச்சல் கண்டு படுத்தாருல்ல, ரெண்டு வருசமாச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போயிருச்சு. வாயப் பாத்துத்தான் பேச்சு. தோட்டத்துல தெரிஞ்சா கணக்கப்பிள்ளை வேற ஆளப் போட்டுருவாருங்க. வீடும் போயிரும்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹட்டன் குளிருக்கு நான் கழுத்திலிருந்து மூக்கு வரை மப்ளர் சுற்றிக்கொண்டுதான் வகுப்பெடுப்பேன். பொறுப்பாளருக்கு மேலுதட்டை மூடிய மீசை. இந்த மனிதர் அத்தனை சனிக்கிழமையும் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தது ஒரு கம்பளித் துணியைத்தான்.

“பக்கத்துல இருக்கவங்க கொப்பியப் பாத்து எழுதியிருக்கலாமே?” என்று அம்மாளிடம் கேட்டேன்.

“கேட்டா ஏன்னு கேப்பாங்கல்லங்க.”

ஒரு காகிதம் எடுத்து எழுதினேன்: ‘பாட்டாகச் சொல்லும் பிள்ளையை எழுத்துக்கு எப்படித் திருப்புவீர்கள்?’ அவர் வாங்கிப் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி நிறுத்தாமல் எழுதினார். வரியைத் தலைகீழாக, கடைசிச் சொல்லிலிருந்து வாசிக்கச் சொல்வாராம். மனப்பாடம் அங்கே உதவாதாம். அதே கையெழுத்து, அதே நடை. கட்டுரையில் இல்லாத விஷயம். எனக்குச் சந்தேகம் போய்விட்டது. வெட்கம் மட்டும் இருந்தது. ‘மன்னிக்க வேண்டும்’ என்று அதன் கீழே எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, “பரவால்லைங்க, சார்,” என்று சத்தமாகச் சொன்னார். தன் சத்தத்தின் அளவு அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் காகிதத்தைப் பொறுப்பாளரிடம் காட்டினேன். இரண்டு முறை வாசித்தார்.

“சொல் இல்லை எண்டது உண்மைதானே,” என்றார் கடைசியில்.

“உண்மைதாங்க. அதுக்குக் காரணம் நாங்க நெனச்சது இல்ல.”

“நான் கேட்டுப் பாத்துத்தானே முடிவெடுத்தனான்.”

“காது கேக்காதவருகிட்ட கேட்டமுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். கடிதத்தைத் தன் கையாலேயே ரத்துச் செய்தார். காது விஷயத்தை யாருக்கும் எழுதுவதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். அது சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம் இல்லை. ஆனால் பாடத்திட்டம் பாடத்திட்டம்தான், வகுப்பில் படித்ததைக் காட்டி இன்னொரு கட்டுரை அவர் எழுதத்தான் வேண்டும் என்றார் பொறுப்பாளர். அதில் தப்பில்லை. நான் என் மொழிபெயர்ப்புக் கொப்பியை அந்த மாஸ்டரிடம் கொடுத்தேன்.

இரண்டாவது கட்டுரை பதினைந்து நாளில் வந்தது. எல்லாச் சொல்லும் இருந்தது. ஆயத்தநிலை முதல் பந்தியில், ஊக்கல் இரண்டாவதில். மூக்கின் மேல் விரல் இல்லை. முகத்தைப் பார்ப்பது இல்லை. மற்ற முப்பத்தொன்பதோடு கலந்து வைத்தால் எடுத்துப் பிரிக்க முடியாது. எழுபது போட்டேன். முதல் கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். கடிதத்தின் பிரதியோடு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். போனது போனதுதான்.

அவர் சான்றிதழ் வாங்கினார். நான்கு வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். ஒரு நாள் பரிசோதனைக்கு வந்த அதிகாரி முதுகுப் பக்கமிருந்து கேட்ட கேள்விக்கு அவர் திரும்பவே இல்லை. அதோடு வெளிவந்துவிட்டது. தோட்டத்தில் அவரைத் துரத்தவில்லை. தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு இலக்கம் எழுதுகிற வேலை கொடுத்தார்கள். தலவாக்கலைச் சந்தையில் ஒரு முறை கண்டேன். மிஷின் சத்தம் மற்றவர்களைத்தான் தொந்தரவு செய்கிறது என்றார், சிரிக்காமல்.

அந்த வருஷமே வகுப்பில் கதை எப்படியோ பரவியிருந்தது. காது பற்றி அல்ல. எங்கள் சொல் இல்லாவிட்டால் கட்டுரை திரும்பிவரும் என்பது மட்டும். அடுத்த வருஷக் கட்டுரைகளில் ஊக்கல் இல்லாத பந்தியே இல்லை. சிலர் அடிக்கோடும் போட்டிருந்தார்கள். மனு எழுதும் ஆளும் எங்கள் சொற்களைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாராம். யார் எழுதியது, யார் எழுதவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக எடுத்து அறுபது, அறுபத்தைந்து என்று போட்டுக்கொண்டே போனேன்.