இரண்டு காசில் ஒரே பள்ளம்

சாத்தாங்காட்டில் பழைய இரும்பு வாங்கி விற்று, சொந்தக் காலில் நின்று கடை போட்டவன் நான். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனாலும் எங்கள் பழங்காசு வாட்ஸப் குழுவில் நான் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்த ஆள் ஒருவர் உண்டு. துறைமுகத்துச் சரக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. குழுவில் யார் என்ன படம் போட்டாலும் அவர் பார்த்துச் சொன்னால்தான் பேச்சு.

வண்ணாரப்பேட்டை பாய் என் தோஸ்து. அவருடைய அத்தா விட்டுப்போனது ஒரு வெள்ளிக் காசு, கோபுரம் போட்டது, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. அதைக் கொடுத்தால் புலியும் மீனும் போட்ட சோழர் வெள்ளிக் காசு இரண்டு தருவதாகக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவன், காசுக்கு ஒன்றாக இரண்டு படம் அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபம் டீக்கடையில் நாங்கள் கூடியபோது, காசை உள்ளே வைத்து ஒட்டிய கூரியர் கவரோடுதான் பாய் வந்தார்.

அம்மா இரண்டு படங்களையும் விரலால் பெரிதாக்கினார். "மீன் வாலாண்ட பாருங்க. ரெண்டுலயும் ஒரே பள்ளம் கீது."

பாய் துள்ளினார். "அதான் மேடம் அசலுக்கு அடையாளம்! ஒரே அச்சுல அடிச்ச காசு!"

"அச்சு அடிபட்டா காசுல மேடாத்தான் வரும் பாய். இது பள்ளம். எங்கியோ வுழுந்து பட்டது. ரெண்டு காசும் ஒரே மாதிரியா வுழும்?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வார்ப்புப் பட்டறைகளில் பாதி ஆயுள் பேரம் பேசியவனாயிற்றே! "ஒரு காசை மண்ணுல பதிச்சு எத்தினி வேணா ஊத்திக்கலாம் நைனா, பள்ளமும் கூடவே வரும்!" என்று கடைக்கே கேட்கும்படி சொன்னேன்.

"இருக்கலாம் அண்ணே. இல்லாட்டி ஒரே காசை ரெண்டு தபா படம் புடிச்சிருப்பான். கேட்டுடுவோம்."

ஒரே கையில் இரண்டையும் வைத்து ஒரு படம், வார்ப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்க விளிம்பு தெரிய ஒரு படம் வேண்டும் என்று அவனுக்கு எழுதி அனுப்பினார். இரண்டாவது டீ முடிவதற்குள் உள்ளங்கைப் படம் வந்தது. பாய் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம்? ரெண்டும் கீது!"

அம்மா நிழலைக் காட்டினார். ஒரு காசின் நிழல் இடது பக்கம், மற்றதன் நிழல் வலது பக்கம். "ஒரே கைக்கு ரெண்டு சூரியனா பாய்?"

விளிம்புப் படம் கேட்டு மறுபடி எழுதினார். ஆள் குழுவை விட்டே போய்விட்டான்.

அதன்பிறகு அவர் செய்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். பள்ளத்துக்கும் நிழலுக்கும் சிவப்பு வட்டம் போட்டு, 'இந்தப் படம் ஒட்டு வேலை' என்று மட்டும் குழுவில் எழுதினார். "போலிக் காசுன்னு போடும்மா" என்று நான் சொல்லியும் மறுத்துவிட்டார். கையில் வாங்காத காசைப் பற்றி எப்படிச் சொல்வது, படத்தைப் பற்றித்தானே சொல்ல முடியும் என்றார். எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவன் நான். இவ்வளவு அளந்து பேசும் வாயை வேறெங்கும் பார்க்கவில்லை.

பாய் கவரைக் கிழித்து அத்தாவின் காசை அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதை விளிம்பில் மட்டும் பிடித்துத் திருப்பினார்.

"இன்னா பாய், பளபளன்னு கீது? பல்பொடி போட்டுத் தேய்ச்சீங்களா?"

"பெருநாளைக்கு மட்டும்தான் மேடம்."

"தேய்ச்சா காசோட மதிப்பே பூடும். இனிமே கை வெச்சீங்க, நானே புடுங்கிக்குவேன்."

பாய் காசைத் துணியில் சுற்றி உள்பைக்குள் போட்டுக்கொண்டார்.